பராபரன், பராபரம்: ஒரு சொல்லை வைத்து ஊர்ச் சமயத்தைப் படிப்பது

கேள்வி: முதுகலை இறுதியாண்டில் எங்கள் ஊர்ச் சமயங்களைப் பற்றி ஒரு சிறு ஆய்வேடு எழுதுகிறேன். சர்ச்சில் பாடும் பழைய கீர்த்தனைகளையும் தர்காவில் பாடும் பாடல்களையும் சான்றாக எடுத்துக்கொள்ள நினைக்கிறேன். ஒன்றில் 'பராபரனே' என்று வருகிறது, இன்னொன்றில் 'பராபரமே' என்று வருகிறது. தாயுமானவரிலும் அதே சொல். இதை வைத்து 'எங்கள் ஊரில் மூன்று சமயமும் கலந்திருந்தன' என்று எழுதலாமா?

அப்படி எழுதாதீர்கள். ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிடவும் வேண்டாம். நல்ல நூல்முனை உங்கள் கையில் அகப்பட்டிருக்கிறது, அதை அவசரமாக இழுத்தால் அறுந்துவிடும்.

முதலில் விகுதியைப் பாருங்கள். ஒன்று 'ன்', மற்றது 'ம்'. பார்வைக்குச் சின்ன வேறுபாடுதான், உங்கள் ஆய்வேட்டின் பாதி அதற்குள் இருக்கிறது. 'பராபரம்' அஃறிணை, பரமும் அபரமுமாய், மேலும் கீழுமாய், எல்லாமாய் நிற்கும் ஒன்று. தாயுமானவர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் 'பராபரமே' என்று முடியும் 389 கண்ணிகளைப் பாடினார். குணங்குடி மஸ்தான் சாகிபு அதே கண்ணி வடிவத்தையும் அதே விளியையும் எடுத்துக்கொண்டார். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792-இல் பிறந்து, சென்னைக்கு வந்து, 1838-இல் மறைந்து, தண்டையார்பேட்டையில் அடங்கியிருப்பவர் அவர். அவர் கையிலும் அது 'ம்' விகுதியோடுதான் நிற்கிறது. உருவமற்றதை நோக்கி அழைக்கும் சித்தர் மரபின் குரல் அது.

'பராபரன்' அப்படியல்ல. அங்கே ஆண்பால் விகுதி ஏறி, அது ஓர் ஆளாகிவிட்டது. பேசுகிற, கோபிக்கிற, மகனை அனுப்புகிற ஒருவர். தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களிடம் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியது மிஷனரி பப்ரிசியுஸின் வேத மொழிபெயர்ப்பு. அதற்கு முன் தரங்கம்பாடியில் சீகன்பால்கு கத்தோலிக்கர் வழங்கிய 'சருவேசுரன்' என்ற சொல்லையே எடுத்தாண்டிருந்தார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பப்ரிசியுஸ் பதிப்பு அதை மாற்றிப் 'பராபரன்' ஆக்கியது. அடுத்த நூற்றாண்டில் மிஷனரி ரேனியுஸ் தம் மொழிபெயர்ப்பில் 'தேவன்' என்று வைத்தார். 1871-இல் வந்த ஐக்கியத் திருப்புதலும் 'தேவன்' என்றே வைத்தது. இருபதாம் நூற்றாண்டில் ஒரு திருத்தப் பதிப்பு 'கடவுள்' என்றது. அதைச் சபைகள் பெரிதாக ஏற்கவில்லை. ஆக, சபைகள் பலவற்றுக்கும் பொதுவான வேதப் புத்தகத்தில் பராபரன் வாழ்ந்தது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான்.

வேதத்திலிருந்து போன சொல் பாட்டில் மட்டும் ஏன் தங்கியது? உங்கள் ஆய்வுக்கு நான் முதன்மையாக வைக்கும் கேள்வி இதுதான்.

காரணம் யாப்பு. உரைநடையில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் எந்தத் தடமும் தெரியாது. பாட்டில் தெரியும். என் கையால் கட்டிய ஒரு வரியை வைத்துக் காட்டுகிறேன், எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல: 'பாவி என்னைப் பார்த்தருளும் பராபரனே.' பாவி, பார்த்தருளும், பராபரனே என்று மோனை மூன்று இடத்தில் விழுகிறது. இப்போது 1871-க்குப் பிந்திய பதிப்பாசிரியர் ஒருவர் 'தேவனே' என்று மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பராபரனே நிரை நிரை நேர், கருவிளங்காய்ச் சீர். தேவனே நேர் நிரை, கூவிளம். ஒரு அசை குறைகிறது. மாத்திரைக் கணக்கில் பார்த்தால் ஏழுக்கு ஐந்து, இரண்டு மாத்திரை பள்ளம். பாடுகிறவர் அதை இழுத்து நிரப்பிவிடுவார். அல்லது அச்சிலேயே நிரப்பிவிடுவார்கள்: 'என் தேவனே.' பாட்டுக் கணக்கில் 'என்' இரண்டு மாத்திரை, பள்ளம் சரியாகிவிட்டது. ஆனால் மோனை போய்விட்டது. மற்ற எல்லாச் சரணங்களிலும் இறுதிச் சீர் மோனையோடு நிற்க, ஒரு சரணத்தில் மட்டும் அது இல்லாமல், தேவையற்ற ஓர் 'என்' ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். சந்தேகம் மட்டும்தான். பழைய பதிப்பு ஒன்றில் பார்த்த பிறகே அது தீர்ப்பு.

இதை நான் கற்றது ஒரு தவறு செய்து. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டுரையில், 19-ஆம் நூற்றாண்டுப் பாடலாசிரியர் ஒருவர் 'தேவன்' என்ற சொல்லை விரும்பினார் என்று எழுதி, அதற்கு இறையியல் விளக்கம் வேறு கொடுத்தேன். நான் பார்த்தது ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையுள்ள ஒரு பதிப்பு. பிறகு ஒரு நாள் ஒரு சிற்றூர் ஆலயத்தில் அதே பாட்டைக் கேட்டேன். பின் வரிசையில் ஒரு பாட்டி, மடியில் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, எல்லோரும் 'என் தேவனே' என்று பாடும்போது 'பராபரனே' என்று பாடிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து கேட்டபோது, "எங்க ஆத்தா அப்படித்தான் பாடுவா" என்றார். பழைய பதிப்பைத் தேடிப் பிடித்தேன். பாட்டி பாடியதுதான் சரி. என் இறையியல் விளக்கம் ஓர் அச்சகத்துத் திருத்தத்துக்குச் சொன்ன விளக்கமாகப் போயிற்று.

இந்த இடத்தில் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1774-இல் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு, பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியோடு ஒருசாலை மாணாக்கராக இருந்தவர். 1864 வரை வாழ்ந்தவர். பப்ரிசியுஸின் வேதமொழி அவருக்குத் தாய்மொழி போல. ரேனியுஸ் அதைத் திருத்தப் புகுந்தபோது அவர் வெளிப்படையாக எதிர்த்தார். ஆகவே அவர் பாட்டில் வரும் ஒரு 'பராபரன்' வெறும் பழக்கமாகவும் இருக்கலாம், ஒரு நிலைப்பாடாகவும் இருக்கலாம். எப்போது எழுதிய பாட்டு என்பதைப் பொறுத்தது அது. அவர் முதுமையில் இருந்தபோது அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவரிடம் பாட்டுகளைக் கேட்டுத் திரட்டி, 1853-இல் ஒரு தொகுப்பாக அச்சிட்டார். இன்று சபைகளில் புழங்கும் கீர்த்தனைப் புத்தகங்களின் முன்னோர்களில் அது ஒன்று. ஆக, உங்கள் ஊர்ப் புத்தகத்தில் சாஸ்திரியார் பாட்டு ஒன்று இருந்தால் அதற்குக் குறைந்தது மூன்று காலம் உண்டு: அவர் பாடிய காலம், தொகுத்து அச்சிட்ட காலம், உங்கள் ஊரார் பாடும் காலம். எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தெளிவாக இருக்க வேண்டும்.

கீர்த்தனைப் புத்தகத்தில் எல்லாமே கீர்த்தனை இல்லை என்பதையும் கவனியுங்கள். பல சபைகளில் ஞானப்பாட்டு அல்லது பாமாலை தனிப் புத்தகமாகவோ, அதே கட்டில் முதல் பாதியாகவோ இருக்கும். அவை பெரும்பாலும் ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு. பிரித்தறிவது எளிது. கீர்த்தனையின் தலையில் இராகம், தாளம் இருக்கும். உடலில் பல்லவி, அனுபல்லவி, சரணம் இருக்கும். பாமாலையின் தலையில் 8.7.8.7 என்பது போல எழுத்தசை எண்ணிக்கை இருக்கும். தலைப்பு கிழிந்து போயிருந்தாலும் வரியே காட்டிக்கொடுக்கும். தமிழ்ப் பாட்டு வரியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில், எதுகை பிடிக்கும். ஐரோப்பியப் பாட்டு வரியின் முடிவில் ஒலி ஒன்றிப்பு தேடும். மொழிபெயர்த்தவர் அதைக் காப்பாற்றப் போராடியிருப்பார். வரி முடிவில் 'மே', 'யே' என்று இயைபு விழும், தொடக்கம் அநாதையாகக் கிடக்கும். அப்படிப்பட்ட பாட்டில் மேலே சொன்ன மோனைச் சோதனை செல்லாது. இழப்பதற்கு அங்கே மோனை முதலிலேயே இல்லை.

இனி இஸ்லாமியப் பாடல்களுக்கு வருவோம். அங்கே கடவுளின் பெயர் இவ்வளவு தடம் காட்டாது. காட்டுவது அரபுச் சொற்களின் எழுத்து. பழைய புலவர்கள் அரபுச் சொல்லைத் தமிழ் ஒலிமரபுக்குள் கொண்டுவந்து, அதன் மேல் எதுகை கட்டினார்கள். றகுமான், முகியித்தீன், மக்கம், மதீனம். சீறாப்புராணத்தில் ஜிப்ரீல் 'சிபுறயீல்' ஆவார். ரகரமோ றகரமோ தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னே ஓர் இகரம் சேர்வதும் உண்டு: 'இறசூல்.' இது அறியாமையால் வந்த எழுத்து என்று நினைத்துச் சில பதிப்பாசிரியர்கள் 'ரஸூல்', 'ரஹ்மான்' என்று திருத்திவிடுகிறார்கள். பக்தியோடு செய்கிற வேலைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சான்று போய்விடுகிறது.

இங்கேயும் யாப்பு நமக்குக் காவல் நிற்கும். ஒரு நான்கடிப் பாட்டில் மூன்று அடிகள் 'மறை', 'நிறை', 'முறை' என்று தொடங்குகின்றன, நான்காவது 'ரஸூல்' என்று தொடங்குகிறது என்று வையுங்கள். இரண்டாம் எழுத்து றகரமாக இருக்க வேண்டிய இடத்தில் ஸூகாரம். 'இறசூல்' என்று போட்டுப் பாருங்கள், எதுகை வந்து உட்கார்ந்துவிடும். அசையும் சரியாகும்: இறசூல் நிரை நேர், புளிமா. ரஸூல் என்பது ஒரே நிரையசை. புலவர் எழுதியது எது, பிற்காலத்தார் கை வைத்தது எது என்று அச்சுப் புத்தகத்திலிருந்தே ஓரளவு பிரிக்கலாம். அப்படிப் பிரித்தால் இரண்டு தனித்தனிச் சான்று கிடைக்கிறது. ஒன்று, புலவர் காலத்தில் அரபுச் சொல் எந்த அளவுக்குத் தமிழாகியிருந்தது என்பது. மற்றது, பிற்காலத்தில் அதை மீண்டும் அரபாக்க வேண்டும் என்று யாருக்கு, எப்போது தோன்றியது என்பது. உள்ளூர்ச் சமய ஆய்வுக்கு இரண்டாவதுதான் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. சமூகத்தில் நடந்த சீர்திருத்த விவாதம் ஒரு ஹகரத்தில் பதிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பழைய வீடுகளில் அரபுத்தமிழ் ஏடுகள் கிடைக்கும். தமிழை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளியிட்ட எழுத்துகளைச் சேர்த்து எழுதியவை. அங்கே அரபுச் சொல் அரபு எழுத்துக்கூட்டலிலேயே இருக்கும், ஆனால் எதுகை தமிழ் ஒலிக்குப் பிடித்திருக்கும். ஆகவே அந்த ஏட்டைக் காட்டி 'பழங்காலத்திலேயே ரஸூல் என்றுதான் எழுதினார்கள்' என்று சொல்லக்கூடாது. எழுத்து வேறு, ஓசை வேறு.

காப்பியங்களை உங்கள் ஆய்வில் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாடு வயலும் வாய்க்காலுமாக இருக்கும். வீரமாமுனிவரின் தேம்பாவணியில் யூதேயாவும் அப்படித்தான். இதைப் பார்த்துவிட்டு 'இவர்கள் தம் சமயத்தை இந்த மண்ணில் கலந்துவிட்டார்கள்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. கம்பனிலும் காணும் வாய்பாடு அது. தமிழில் காப்பியம் என்றால் நாட்டு வளம் பாடியே ஆகவேண்டும். வாய்பாட்டில் இருப்பது சான்றல்ல. வாய்பாடு எங்கே உடைகிறதோ அதுதான் சான்று. சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தி வருவது வியப்பில்லை. சரபோஜி மேலேயே ஒரு குறவஞ்சி உண்டு, அந்த ஊரில் அது நன்கு புழங்கிய வடிவம். அந்தக் குறவஞ்சிக்குள் உலகப் புவியியலும் கோப்பர்நிக்கஸ் வழி வானியலும் வருகின்றனவே, அதுதான் வியப்பு. மிஷன் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்கு அது நேரடிச் சாட்சி.

இப்போது உங்கள் வேலைக்கு. ஊரில் உள்ள ஒரு ஆலயத்தையும் ஒரு தர்காவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சேர்த்து எழுபது எண்பது பாட்டுப் போதும், முந்நூறு வேண்டாம். ஒவ்வொரு பாட்டையும் முதலடியால் குறியுங்கள். பாட்டு எண்ணை நம்பாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைப் படம் எடுங்கள், பதிப்பு எண்ணும் ஆண்டும் தெரியும்படி. தலைப்புப் பக்கம் கிழிந்த புத்தகந்தான் பெரும்பாலும் கிடைக்கும். அப்போது யாருடையது, எப்போது வாங்கியது என்று வீட்டாரைக் கேட்டுக் குறியுங்கள். பிறகு பாட்டுக்குள் கடவுளைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லையும் அடிக்கோடிட்டு, விகுதி என்ன, அதே சரணத்தில் கூட வரும் பெயர்கள் யார், மோனை எதுகை அந்த இடத்தில் முழுதாக இருக்கிறதா என்று எழுதுங்கள். 'பராபரன்' பிதா, சுதன், ஆவியோடு வருகிறதா? 'பராபரமே' நபியோடும் முகியித்தீன் ஆண்டவரோடும் வருகிறதா? கூட நிற்பவர்களை வைத்துத்தான் அந்தச் சொல் யாரை அழைக்கிறது என்று சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு பாடுவதைக் கேளுங்கள். புத்தகத்தில் ஏழு சரணம் இருக்கும், பாடுவது மூன்று. எந்த மூன்று, விட்டது எதை என்று குறியுங்கள். தலையில் ஒரு இராகம் அச்சாகியிருக்கும், கீபோர்டுக்காரர் வேறெதையோ வாசிப்பார். அவரைத் திருத்தப் போகாதீர்கள், பதிவு செய்யுங்கள். தர்காவில் கந்தூரி அன்று பாடுவதும் சாதாரண நாளில் பாடுவதும் ஒன்றாக இராது. தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் இரவு முழுக்கப் பாடுவார்கள். அங்கே பாடுகிறவர் பலருக்கு அது பெரியவர் பாடக் கேட்டுக் கேட்டுப் படிந்த பாட்டு. நான் சொன்ன ஆலயத்துப் பாட்டியைப் போன்றவர்கள் அங்கேயும் இருப்பார்கள். புத்தகத்தைப் பார்க்காமல் பாடுகிறவர்கள் அருகில் உட்காருங்கள். முனாஜாத்து என்னும் வேண்டுதல் பாட்டு வீடுகளில் பெண்கள் பாடுவது. அதற்கு உங்கள் அம்மாவையோ அக்காவையோ கூட அழைத்துப் போனால்தான் நடக்கும். பதிவு செய்யும் முன் ஜமாஅத்திலும் சபைக் குருவானவரிடமும் அனுமதி கேளுங்கள். தர்காப் பாட்டு கூடாது என்கிறவர்கள் அதே தெருவில் இருப்பார்கள், கீர்த்தனை பழசு என்கிறவர்கள் அதே சபையில் இருப்பார்கள். அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள், யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

உங்கள் கேள்வியில் இருந்த 'கலந்திருந்தன' என்ற சொல்லுக்கு இந்தப் பாட்டுகள் சாட்சி சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமானால் தர்காவில் நேர்ச்சை வைக்க வருகிறவர் யார், ஆலயத்துத் திருவிழாவுக்கு வருகிறவர் யார் என்று போய்ப் பார்க்க வேண்டும். அது வேறு அத்தியாயம். இந்த அத்தியாயத்தில் நீங்கள் துணிந்து எழுதக்கூடியது இவ்வளவு: ஏற்கெனவே தமிழில் இருந்த ஒரு மெய்யியல் சொல்லை மஸ்தான் சாகிபு அஃறிணையாகவே வைத்துக்கொண்டார், பப்ரிசியுஸ் வழிவந்த கிறிஸ்தவர்கள் உயர்திணை வடிவில் வழங்கினார்கள், 1871-இன் ஐக்கியத் திருப்புதலில் அது மறைந்தும், இன்ன பதிப்பில் இன்ன பாட்டுகளில் மோனைக்காக நின்றது, இன்ன பாட்டுகளில் திருத்தப்பட்டது, எங்கள் ஊரில் இத்தனை பேர் இன்னும் பழைய சொல்லையே பாடுகிறார்கள். அந்த 'இன்ன' எல்லாவற்றையும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். நிரப்பியபின் பட்டியலை ஒருமுறை அனுப்புங்கள், மோனை பார்க்க எனக்கு அலுக்காது.